எல்லாரும் சரியாகச் சொன்னார்கள், அங்கேதான் தொடங்கியது சிக்கல்: நால்வர் சேர்ந்து திட்டமிட்ட தசம எண் பாடம்

கரைவலை

வணக்கம். மண்டபம் பக்கத்துக் கடலோரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். நாங்கள் மூன்று பள்ளிகளைச் சேர்ந்த நான்கு ஆசிரியர்கள் இந்த ஆண்டு ஒரு முயற்சியில் இறங்கினோம். ஒரே ஒரு பாடத்தை நால்வரும் சேர்ந்து திட்டமிடுவது, ஒருவர் நடத்த மற்ற மூவர் உட்கார்ந்து பார்ப்பது, பிறகு கூடிப் பேசித் திருத்தி, வேறொரு பள்ளியில் மறுபடி நடத்துவது. ஜப்பானில் இது நெடுங்காலமாக நடப்பதாகச் சொல்லித்தான் எங்கள் கூட்டத்தில் ஒருவர் ஆரம்பித்துவைத்தார்.

எடுத்துக்கொண்டது ஏழாம் வகுப்புத் தசம எண்களை ஒப்பிடுதல். திட்டமிட மூன்று முறை கூடினோம். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் வள்ளமோ வலையோ இருக்கிறது, ஆகவே மீன் எடையை வைத்தே நடத்தலாம் என்று முடிவெடுத்தோம். ஒரு மீன் வியாபாரியிடம் எலக்ட்ரானிக் தராசை ஒரு நாள் இரவல் வாங்கினோம். பாறை, விளமீன், கணவாய், நண்டு என்று கலந்து ஐந்து பொட்டலங்கள். எடைகள் 1.250, 0.850, 1.500, 0.475, 1.075. குழுவாக உட்கார்ந்து ஏறுவரிசையில் அடுக்க வேண்டும்.

20 நிமிடத்தில் 26 பேரும் சரியாக அடுக்கிவிட்டார்கள். பார்க்க வந்த மூவருக்கும் வாயெல்லாம் பல். பாடம் முடிந்து உட்கார்ந்தபோது "அருமை டீச்சர், பிள்ளைகள் என்ன ஆர்வம்!" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அரை மணி நேரத்தில் டீ குடித்துக் கலைந்தோம்.

எனக்கு மட்டும் ஓர் உறுத்தல். கடைசி வரிசையில் ஒரு பெண் தன் நோட்டில் புள்ளியையே எழுதாமல் 1250, 850, 1500, 475, 1075 என்று எழுதி அடுக்கியிருந்தாள். மறுநாள் தராசு இல்லாமல் வெறும் எண்களாகக் கரும்பலகையில் எழுதிக் கேட்டேன். 0.6 பெரியதா, 0.45 பெரியதா? 15 பேர் 0.45 என்றார்கள்.

திருத்தி மறுபடி நடத்த வேண்டும். ஆனால் எதைத் திருத்துவது? முதல் நாள் பாடத்தில் தவறே தெரியவில்லையே.

சுண்ணக்கட்டி

இதற்கு நால்வர் சேர்ந்து மூன்று முறை கூடியிருக்க வேண்டியதில்லை. புள்ளிக்குப் பின்னால் இலக்கங்கள் சமமாக இல்லையென்றால் பூஜ்யம் சேர்த்துச் சமமாக்கு. 0.6ஐ 0.60 ஆக்கினால் 60, 45. எது பெரியது என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். 22 ஆண்டுகளாக இப்படித்தான் நடத்துகிறேன், பிள்ளைகள் தேர்வில் எழுதுகிறார்கள்.

இன்னொன்று. பார்க்க வந்தவர்கள் கையில் ஒரு படிவம் கொடுத்தீர்களா? குரல் வளம், கரும்பலகைப் பயன்பாடு, துணைக்கருவி, வினாக் கேட்கும் திறன் என்று பத்துத் தலைப்பு வைத்து மதிப்பெண் போடச் சொல்லியிருந்தால் "அருமை" என்று தப்பியிருக்க முடியாது.

முகில்

கரைவலை டீச்சர், உங்கள் வேதனை புரிகிறது. எங்கள் பள்ளியிலும் இதே கதை. மேலிடத்திலிருந்து பார்வைக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் தலைமை ஆசிரியர் ஒரு மாதிரி வகுப்புக்கு ஏற்பாடு செய்தார். ஒரே பாடத்தை மூன்று நாள் ஒத்திகை பார்த்தோம். யார் எந்தக் கேள்விக்குக் கை தூக்குவது என்பது வரை. வந்தவர் அன்று வரவே இல்லை, அடுத்த வாரம் வந்து வேறு வகுப்பைப் பார்த்துவிட்டுப் போனார். பிள்ளைகள் இன்றுவரை அந்தப் பதில்களை ஒப்பிக்கிறார்கள். உங்கள் பார்வையாளர்கள் எந்த அலுவலகத்திலிருந்து வந்தார்கள்?

கரைவலை

முகில், யாரும் அலுவலகத்திலிருந்து வரவில்லை. பார்த்தவர்கள் என் கூடவே பாடத்தைத் திட்டமிட்ட மூவர்தான். பாடம் என்னுடையது மட்டும் அன்று, நால்வருடையது. அதனால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் புகழ்ந்துகொண்டோமோ என்னவோ.

பழைய பயிற்றுநர்

நான் ஆசிரியர் பயிற்றுநராக இருந்து ஓய்வுபெற்றவன். இதைப் போன்ற சுற்றுகளில் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன், பலமுறை ஏமாந்தும் இருக்கிறேன். ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் தராசு. அது எப்போதும் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் காட்டும். ஒன்றரைக் கிலோவை 1.5 என்று ஒருநாளும் காட்டாது, 1.500 என்றுதான் காட்டும். அதாவது சுண்ணக்கட்டி சார் சொல்லும் பூஜ்யத்தைத் தராசே சேர்த்துக் கொடுத்துவிட்டது. பிள்ளைகள் புள்ளியை அழித்துவிட்டு முழு எண்ணாகப் பார்த்தாலும் விடை சரியாக வரும். உங்கள் கடைசி வரிசைப் பெண் அதைத்தான் செய்தாள். 26 பேர் சரியாகச் சொன்னதன் பொருள், 26 பேருக்குத் தசம எண் தெரியும் என்பதன்று. தசம எண் தெரியாமலே செய்யக்கூடிய வேலையை நீங்கள் கொடுத்தீர்கள் என்பதே. மீன் வாசத்தில் அது மறைந்துவிட்டது.

இரண்டாவது, எண் தேர்வு. தசம எண்ணை ஒப்பிடுவதில் பிள்ளைகளிடம் இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. உலகில் எங்கே பார்த்தாலும் இந்த இரண்டும் வருகின்றன. ஒன்று, புள்ளிக்குப் பின் நீளமாக இருந்தால் பெரியது. இந்தப் பிள்ளைக்கு 0.45 பெரியது, ஏனென்றால் 45, 6ஐவிடப் பெரிது. மற்றொன்று அதற்கு நேர்மாறு: நீளமாக இருந்தால் சிறியது. நூறில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது என்று அரைகுறையாகப் பிடித்துக்கொண்ட பிள்ளை, இலக்கம் கூடினாலே எண் சிறுத்துவிட்டது என்று நினைக்கும்.

இப்போது பாருங்கள். 0.6, 0.45 என்று கேட்டால் இரண்டாம் வகைப் பிள்ளை 0.6 என்று சரியான விடையைச் சொல்லிவிடும், தவறான காரணத்துக்காக. அதை வெளியே கொண்டுவர 0.4, 0.475 என்று இன்னொரு சோடி வேண்டும். அங்கே அந்தப் பிள்ளை 0.4 பெரியது என்று சொல்லி மாட்டிக்கொள்ளும். முதல் வகைப் பிள்ளையோ இங்கே தப்பித்துவிடும். ஆகவே ஒற்றைக் கேள்வியால் பயனில்லை. இரண்டையும் கேட்டு, ஒரே பிள்ளையின் இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நாளை அந்த இரண்டாவது சோடியையும் கேட்டுப் பாருங்களேன்.

மூன்றாவது, படிவம். சார் சொல்லும் பத்துத் தலைப்பும் ஆசிரியரை அளப்பவை. இந்தச் சுற்றில் ஆசிரியரை அளந்தால் பேச்சு இரண்டே வழியில் போகும்: புகழ்ச்சி அல்லது மனத்தாங்கல். பார்ப்பவர் கையில் இருக்க வேண்டியது வகுப்பின் இருக்கை வரைபடம். ஒவ்வொருவருக்கும் இரண்டு அல்லது மூன்று பிள்ளைகள். அவர்கள் என்ன எழுதினார்கள், எதை அழித்தார்கள், பக்கத்துப் பிள்ளையிடம் என்ன சொன்னார்கள், எத்தனை மணிக்கு. அவ்வளவுதான். பிள்ளை திணறினாலும் உதவக் கூடாது. ஆசிரியர்களுக்கு இதைவிடக் கடினமான காரியம் எதுவும் இல்லை. கை தானாக நீளும்.

சுண்ணக்கட்டி

ஐயா, தராசு விஷயம் நான் யோசிக்காதது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூஜ்யம் சேர்ப்பது தவறு என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லையே?

பழைய பயிற்றுநர்

தவறு இல்லை சார். 0.6ஐ 0.60 என்று எழுதினால் அளவு ஏன் மாறவில்லை என்று பிள்ளையிடம் கேளுங்கள். சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அது நல்ல கருவி. தெரியாத பிள்ளைக்கு அது தராசைப் போன்றதுதான், புள்ளியை மறந்துவிடலாம் என்று அனுமதி கொடுக்கிறது. இரண்டு பிள்ளைகளும் தேர்வில் ஒரே மதிப்பெண் வாங்குவார்கள். உங்கள் 22 ஆண்டுகளில் அவர்களைப் பிரித்துப் பார்க்க வாய்ப்பே வந்திருக்காது.

ஏலச்சீட்டு

நான் ஆசிரியர் இல்லை. மீன் ஏலம் நடக்கும் இடத்தில் கணக்கு எழுதுகிறவன். என் மகள் ஏழாம் வகுப்பு படிப்பதால் இதைப் படித்தேன். இரண்டு விஷயம் சொல்லலாமா?

நாங்கள் வைத்திருப்பது 30 கிலோத் தராசு. அது ஐந்து ஐந்து கிராமாகத்தான் நகரும், ஆகவே கடைசி இலக்கம் 0 அல்லது 5. எங்களிடம் யாரும் அதைப் புள்ளியாகப் படிப்பதில்லை. 1.250 என்று தெரிந்தால் "ஒன்று இருநூற்றைம்பது" என்போம். புள்ளி எங்களுக்குக் கிலோவையும் கிராமையும் பிரிக்கும் ஒரு கோடு, அவ்வளவுதான். மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான் படிப்பார்கள்.

சிக்கல் தாளில் எழுதும்போது வரும். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், இறால் எடை 2.050 என்று காட்டியதைச் சீட்டில் 2.5 என்று எழுதிவிட்டான். பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று பள்ளியில் சொன்னார்களாம். 450 கிராம் இறால் காற்றில் வந்துவிட்டது. வாங்கியவர் போட்ட சத்தம் பாம்பன் வரைக்கும் கேட்டிருக்கும். பள்ளியில் பூஜ்யம் சேர்க்கச் சொல்லிக் கொடுப்பதாக இங்கே ஒரு சார் சொல்கிறார். எடுக்கச் சொல்லிக் கொடுப்பதும் நீங்கள்தானே? எப்போது சேர்ப்பது, எப்போது எடுப்பது?

கரைவலை

ஏலச்சீட்டு அண்ணன், நாங்கள் மூன்று முறை கூடியும் கண்டுபிடிக்காததை நீங்கள் ஒரே பத்தியில் சொல்லிவிட்டீர்கள். ஏலக்கூடத்தில் புள்ளி என்ன வேலை செய்கிறது என்று உங்களைப் போன்ற ஒருவரிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பாடநூலைப் புரட்டினோம், பயிற்சிகளை எண்ணினோம், தராசை மட்டும் கேள்வி கேட்கவில்லை.

பயிற்றுநர் ஐயா, இரண்டாவது சோடியையும் கேட்டேன். 26 பேரில் 0.6, 0.45 சோடியைச் சரியாகச் சொன்னவர்கள் 11. 0.4, 0.475 சோடியைச் சரியாகச் சொன்னவர்கள் 22. இரண்டாவது நன்றாக இருக்கிறதே என்று ஒரு நிமிடம் மகிழ்ந்தேன். பிறகு பெயர்ப் பட்டியலை வைத்துக் கோடு போட்டுப் பார்த்தேன். முதல் சோடியில் தவறிய 15 பேரும் இரண்டாவதில் சரி. இரண்டாவதில் தவறிய 4 பேரும் முதலாவதில் சரி. இரண்டிலும் சரியாகச் சொன்னவர்கள் 7 பேர். அதில் ஒருத்தி நான் எப்போதும் மந்தம் என்று நினைத்த பிள்ளை.

தவறிய 4 பேரில் ஒருத்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஆயிரத்தில் ஒன்று ரொம்பக் குட்டி டீச்சர், அதனால் 0.475 குட்டி" என்றாள். நீங்கள் எழுதிய வாக்கியத்தை அவள் படித்திருக்க வழியில்லை.

தொண்டிக்காற்று

எனக்கு வேறு கேள்வி. நான் தொண்டிப் பக்கத்து ஈராசிரியர் பள்ளி. நான் இன்னொரு பள்ளிக்குப் பாடம் பார்க்கப் போனால் என் மூன்று வகுப்பை யார் பார்ப்பது? நீங்கள் நால்வர் எப்படி ஒரே நாளில் வெளியே வந்தீர்கள்? வீடியோ எடுத்துப் பார்த்தால் போதாதா?

கரைவலை

உண்மையைச் சொன்னால் நால்வரில் இருவர் ஒரே பள்ளி, அது எங்கள் அதிர்ஷ்டம். மற்ற இருவரும் காலை முதல் இரண்டு பாடவேளைகளுக்கு மட்டும் அனுமதி வாங்கி வந்தார்கள். பாடம் நடந்தது முதல் பாடவேளையில், பேச்சு இரண்டாவதில். திட்டமிட்ட கூட்டங்கள் மூன்றும் சனிக்கிழமை, சொந்த நேரம்.

வீடியோவும் எடுத்தோம். ஜன்னல் ஓரம் கைப்பேசியை நிறுத்திவைத்தோம். பிறகு போட்டுப் பார்த்தால் என் முதுகும் காற்றுச் சத்தமும்தான். அந்தப் பெண்ணின் நோட்டில் புள்ளி இல்லாதது எந்தக் கோணத்திலும் தெரியவில்லை.

பழைய பயிற்றுநர்

ஈராசிரியர் பள்ளிக்கு இது எளிதன்று, நான் பொய் சொல்ல மாட்டேன். ஒருவர் நடத்த ஒருவர் பார்க்கும் சுற்றும் சுற்றுதான். பார்ப்பவர் மூன்று பிள்ளைகளை மட்டும் கவனித்தால் போதும்: ஒன்று தடுமாறும் பிள்ளை, ஒன்று நடுவில், ஒன்று வேகமாகப் போகும் பிள்ளை. குறுவள மையக் கூட்டத்துக்கு எல்லாரும் கூடும் நாளில் அந்தக் குறிப்பை மட்டும் எடுத்துவைத்துப் பேசலாம். இழப்பு உண்டு, பலர் கண்ணுக்குத் தெரிவது ஒருவர் கண்ணுக்குத் தெரியாது.

கரைவலை டீச்சர், மறுபடி நடத்துவதற்கு முன் ஒரு கேள்வி. எடையை வைத்தே தொடரப் போகிறீர்களா?

கரைவலை

அதில்தான் சண்டை. எங்களில் ஒருவர் தராசை விடவே கூடாது என்கிறார். 2.050, 2.5 சீட்டுக் கதையையே கேள்வியாக்கலாம் என்கிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் எடையைக் கண்ணால் பார்க்க முடியாது. 0.6 கிலோ எப்படி 0.45ஐவிடப் பெரியது என்று பிள்ளை சந்தேகப்பட்டால் நான் தராசைக் காட்ட வேண்டும், தராசோ மறுபடியும் 0.600, 0.450 என்று சொல்லும்.

நீளம் என்றால் தெரியும். ஒரு மீட்டர் காகிதப் பட்டை, பத்தாகப் பிரித்தால் ஒரு பங்கு ஏறக்குறைய ஒரு சாண் அளவில் பாதி. அதைப் பத்தாகப் பிரித்தால் ஒரு சென்டிமீட்டர். அதையும் பத்தாகப் பிரித்தால் மில்லிமீட்டர், அதுவும் கண்ணுக்குத் தெரியும். வலைக்கயிறு அளப்பதாகக் கதை வைத்துக்கொள்ளலாம்.

சுண்ணக்கட்டி

பட்டையைப் பிள்ளைகளே மடித்துப் பத்தாகப் பிரிக்கட்டும். செய்து கற்றல்.

கரைவலை

சார், சனிக்கிழமை நாங்கள் நால்வரும் மடித்துப் பார்த்தோம். பாதியாக மடிக்கலாம். அந்தப் பாதியை ஐந்தாக மடிக்க எங்களுக்கே 12 நிமிடம் ஆனது, அதுவும் கோணல். 45 நிமிடப் பாடவேளையில் பிள்ளைகள் மடிப்புதான் கற்பார்கள். பத்துப் பங்காகக் கோடு போட்ட பட்டையையே கொடுப்பதாக முடிவு செய்துவிட்டோம். அளவுநாடா கொடுக்கவில்லை, அதில் 45, 60 என்று எண் அச்சிட்டிருக்கும், மறுபடி தராசுக் கதை.

திட்டம் இதுதான். ஒரே கேள்வி: "ஒரு கயிறு 0.6 மீட்டர், இன்னொன்று 0.45 மீட்டர். எது நீளம்? ஏன் என்று முதலில் எழுதுங்கள், பிறகு பட்டையில் வெட்டிப் பாருங்கள்." எழுதி முடிக்கும்வரை கத்தரிக்கோல் கிடையாது. ஆசிரியர் வரிசைகளுக்கு நடுவே நடந்து, யார் எந்தக் காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்வார். கரும்பலகையில் முதலில் ஏறுவது "45 பெரியது" என்ற காரணம், பிறகு மற்றவை. பலகையை மூன்றாகப் பிரித்து, பாடம் முடியும்வரை எதையும் அழிப்பதில்லை. பிள்ளைகள் என்னென்ன சொல்லக்கூடும் என்று ஐந்து பதில்களை முன்கூட்டியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் அடுத்து என்ன கேட்பது என்றும் எழுதியிருக்கிறோம். முதல் திட்டத்தில் அந்தப் பகுதி ஒரே வரி: "மாணவர்கள் சரியாக அடுக்குவர்."

முகில்

எல்லாம் சரி, ஒரே பிள்ளைகளுக்கு மறுபடி நடத்தினால் அவர்களுக்கு விடை தெரிந்திருக்குமே?

பழைய பயிற்றுநர்

நல்ல கேள்வி. அதனால்தான் வேறு பிள்ளைகள், முடிந்தால் வேறு ஆசிரியர். ஜப்பானிலேயே எல்லாச் சுற்றிலும் மறுபடி நடத்துவதில்லை. பேச்சில் கிடைத்ததை அடுத்த பாடத்துக்குக் கொண்டுபோவதோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. திருத்திய பாடத்தைப் பார்க்க ஆசை இருந்தால் நடத்துங்கள், கடமை இல்லை.

பேச்சுக்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நடத்தியவர் பேசட்டும், தான் எதிர்பார்த்து நடக்காதது எது என்று. பிறகு பார்த்தவர்கள், பிள்ளையின் பெயரும் நேரமும் சொல்லி, பார்த்ததை மட்டும். "அருமை" என்ற சொல்லுக்கு அன்று தடை. திட்டத்தில் சேராத ஒருவரைக் கடைசியில் பேச வைத்தால் நல்லது.

கரைவலை

நடத்தி முடித்துவிட்டோம். தங்கச்சிமடம் பக்கத்துப் பள்ளி ஒன்று, 22 பிள்ளைகள். நான் நடத்தவில்லை, எங்களில் இளையவர் நடத்தினார். கடைசியில் பேச அந்தப் பள்ளியின் தமிழாசிரியை வந்தார். கணக்குத் தெரியாது என்று கூச்சப்பட்டவர்தான் அன்று மிகக் கூர்மையாகப் பேசினார்.

முந்தைய நாளே இரண்டு சோடிகளையும் கேட்டுவைத்திருந்தோம். முதல் சோடியில் சரி 8 பேர். இரண்டாவதில் தவறு 2 பேர். இரண்டிலும் சரி 6 பேர்.

பாடத்தில் நடந்தது: 10.05க்குக் கேள்வி. 10.14 வரை எழுதினார்கள். என் பொறுப்பில் இருந்த மூவரில் ஒரு பையன் "0.45, ஏனென்றால் 45" என்று எழுதி அடிக்கோடும் போட்டான். கத்தரிக்கோல் வந்தது. 0.6க்கு ஆறு பங்கு எண்ணி வெட்டினான். 0.45க்கு 45 பங்கு எண்ணத் தொடங்கிப் பத்தில் பட்டை தீர்ந்துவிட்டது. பக்கத்துப் பையனின் பட்டையை இழுத்தான். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 10.21க்கு, யாரும் சொல்லாமல், "டேய், ஒரு மீட்டருக்கு மேலே போகுதுடா, 0 என்றுதானே இருக்கு" என்றான். அந்த நிமிடத்தை முதல் பாடத்தில் எங்கே தேடியும் கிடைத்திருக்காது.

பாடம் முடிவில் அதே இரண்டு சோடிகளைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கினோம். முதல் சோடியில் சரி 8லிருந்து 19 ஆனது. கைதட்டவில்லை, தடை இருந்ததே. பிறகு இரண்டாவது சோடியைப் பிரித்தோம். தவறு 2லிருந்து 7 ஆகியிருந்தது. இரண்டிலும் சரி 12 பேர்.

அதாவது ஐந்து பிள்ளைகளுக்கு நாங்களே புதிதாக ஒரு தவறைக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

சுண்ணக்கட்டி

0.4ஐ 0.400 ஆக்கியிருந்தால் இந்த ஏழு பேரும் தப்பியிருப்பார்கள். வருத்தப்பட்டுக்கொள்ளாதீர்கள், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தொண்டிக்காற்று

22 பேரில் ஐந்து பேர். ஊகத்திலும் மாறியிருக்கலாம், முந்தைய நாள் அதே சோடியைப் பார்த்ததாலும் குழம்பியிருக்கலாம். பாடத்தின் மேல் பழி போடுமளவுக்கு எண் பெரிதா?

கரைவலை

அதைத்தான் நானும் நினைத்தேன். ஆனால் தமிழாசிரியையின் குறிப்பில் ஒரு வரி இருந்தது. 10.31, நடத்தியவர் சொன்னது: "பாருங்கள், புள்ளிக்குப் பின்னால் போகப் போகத் துண்டு சிறியதாகிக்கொண்டே போகிறது." அவர் பொறுப்பில் இருந்த பெண் அந்த வாக்கியத்தை அப்படியே நோட்டில் எழுதிப் பெட்டி கட்டியிருக்கிறாள். துண்டுச் சீட்டில் 0.4 பெரியது என்று எழுதிக் காரணமும் போட்டிருக்கிறாள்: "போகப் போகச் சிறியது." தமிழாசிரியை கேட்டார், "துண்டு சிறியதாகிறது என்பதும் எண் சிறியதாகிறது என்பதும் ஒன்றா? வாக்கியத்தில் எழுவாய் மாறிவிட்டதே?" நடத்தியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த வாக்கியம் எங்கள் திட்டத்திலேயே இருந்தது. நான்தான் எழுதினேன்.

ஏழு பேரில் மூவர் சீட்டில் இதே போன்ற காரணம் இருக்கிறது. மற்ற நால்வர் காரணம் எழுதவில்லை. அவர்களைப் பற்றித் தொண்டிக்காற்று சொல்வது சரியாக இருக்கலாம்.

பழைய பயிற்றுநர்

நீங்கள் வெட்டவைத்தீர்கள், ஒட்டவைக்கவில்லை. பட்டையில் 0.6 வேறு, 0.45 வேறு என்று இரண்டு தனித் துண்டுகள். ஒரே துண்டு வளர்வதைப் பிள்ளை பார்க்கவே இல்லை. முதலில் நான்கு பெரிய பங்கை வைக்கச் சொல்லுங்கள், அது 0.4. அதன் முனையிலேயே ஏழு சிறிய பங்கைச் சேர்க்கட்டும், 0.47. பிறகு ஐந்து மில்லிமீட்டர் கீற்று, 0.475. துண்டு சிறுத்தாலும் நீளம் கூடிக்கொண்டே போவது தெரியும்.

சுண்ணக்கட்டி சார், இங்கே உங்கள் பூஜ்யம் வந்து உட்காரட்டும். நான்கு பங்குக்குப் பின் ஒன்றும் சேர்க்காமல் "0 சிறிய பங்கு" என்று சொல்லவைத்தால் 0.40 ஏன் 0.4தான் என்பது பிள்ளைக்கே விளங்கும்.

சுண்ணக்கட்டி

அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் நான் விதியை முதலில் சொல்லிவிட்டுப் பட்டையைப் பிறகு காட்டுவேன். நீங்கள் பட்டையை முதலில் வைக்கிறீர்கள். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் உங்கள் வழி ஓடுமா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

ஏலச்சீட்டு

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. 2.050ல் எந்தப் பூஜ்யத்தை எடுக்கலாம்?

கரைவலை

கடைசிப் பூஜ்யத்தை மட்டும் அண்ணன். 2.05 என்று எழுதினால் இறால் குறையாது. நடுப் பூஜ்யம் "பத்தில் ஒரு பங்கு இங்கே ஒன்றும் இல்லை" என்று இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதை எடுத்தால் 5 ஓரிடம் முன்னே வந்து உட்கார்ந்துவிடும். ஆனால் ஏலக்கூடத்தில் எதையும் எடுக்காமல் தராசு காட்டுவதையே எழுதுவதுதான் நல்லது.

மூன்றாவது சுற்றுக்கு உங்கள் சீட்டையே தொடக்கக் கேள்வியாக வைக்கலாமா என்று கேட்கத்தான் இருந்தேன். பையன் பெயர் வேண்டாம். இன்னொரு சந்தேகம் எங்களுக்குள் தீரவில்லை: வகுப்பில் "புள்ளி நாற்பத்தைந்து" என்று படிக்க விடுவதா, "புள்ளி நான்கு ஐந்து" என்றுதான் படிக்க வேண்டும் என்று நிறுத்துவதா? நிறுத்தினால் வீட்டில் "ஒன்று இருநூற்றைம்பது" என்று கேட்டுவரும் பிள்ளைக்கு அது வேறு மொழி. விட்டால் 45 மறுபடி தலைதூக்கும். பார்த்தவர்கள் யாருடைய குறிப்பிலும் இதற்குச் சான்று இல்லை, யாரும் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த முறை ஒருவர் வேலை அது மட்டும்: ஒவ்வொரு பிள்ளையும் எப்படிப் படிக்கிறது என்று காதால் கேட்டு எழுதுவது.

ஏலச்சீட்டு

சீட்டின் நகல் தருகிறேன். ஒரு மீட்டர் பட்டை மிச்சம் இருந்தால் எனக்கும் ஒன்று வேண்டும், பையனுக்கு.